மொட்டைமாடிக் கதவில் பூட்டு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தார் சிலர் சேர்ந்து, தீ அபாயம் எங்கெங்கே இருக்கிறது என்று நான்கு மாடிக் கட்டடத்தையும் சுற்றிப் பார்த்தோம். கண்டதை மற்ற அடுக்ககவாசிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

மீட்டர் அறை எங்களுக்கு மாடிப்படி தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு வீட்டின் மெயின் சுவிட்சில் வயர் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை வேறு. எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினார். திருகு தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பில் ஏசி ஓடும்போதெல்லாம் சூடு ஏறும். ஆனால் மின்னோட்டம் கூடுவதில்லை என்பதால் ஃபியூஸ் போகாது. கண்ணாலும் மூக்காலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். சீல் வைத்த மீட்டர் பகுதியை நாம் தொடக்கூடாது. அங்கே சந்தேகம் இருந்தால் மின்வாரியத்துக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பலகையை உரசியபடி மூன்று ஸ்கூட்டர்கள் நின்றன. மின் பலகைக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. உடனே மஞ்சள் கோடு போட்டு வண்டிகளை நகர்த்தினோம். படிக்கு அடியில் பழைய மெத்தையும் பாதி காலியான தின்னர் டின்களும் கிடந்தன. 2023 நவம்பரில் ஐதராபாத் நாம்பள்ளியில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் ரசாயன டிரம்கள் வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து, குறைந்தது ஒன்பது பேர் இறந்தார்கள். கீழே பற்றியது மாடிவீடுகள் வரை போனது. இதைச் சொன்ன பிறகுதான் டின்காரர் எடுத்துப் போனார்.

எனக்குப் பெரிய கவலை மொட்டைமாடிக் கதவுதான். கீழே எரிந்தால் புகை படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். உச்சியில் கதவு மூடியிருந்தால் அங்கேயே தேங்கிக் கீழ்நோக்கி நிரம்பும். மேல்மாடிக்காரர்கள் தப்பிக்க ஓடிவரும் இடமே புகை அதிகமாக இருக்கும் இடமாகிவிடும். எங்கள் கதவில் தொங்கியது துருப்பிடித்த பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், அவர் இருப்பதோ கீழே. பூட்டை எடுக்கலாம் என்றதும் திருட்டு, தண்ணீர்த் தொட்டி, சின்னப் பிள்ளைகள் என்று எதிர்ப்பு வந்தது. நியாயமான பயம்தான். அதனால் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். திறந்தால் கத்தும் காந்த அலாரம் ஒன்று. வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

அதற்காக எப்போதும் மேலே ஓடுவதும் சரியல்ல. வாசலைத் திறக்கும்போதே படியில் புகை அடர்ந்திருந்தால் வெளியே வராதீர்கள். கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, பால்கனிக்குப் போய் 101-க்குப் பேசுங்கள். எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.