தனி வட்டம் கேட்பவர்களுக்கு

தனி வட்டக் கோரிக்கைக் குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

பேருந்து நிலையத்தில் நீங்கள் வைத்திருக்கும் தட்டியைப் பார்த்தேன். புதிய வட்டம் வேண்டும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, சரி. எந்தெந்த ஊர்கள் அதில் சேர வேண்டும், அந்த வட்டம் எந்தக் கோட்டத்துக்குள் வர வேண்டும் என்ற இரண்டும் இல்லை. துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது அதுதான்.

வட்டம் பிரிக்கும்போது பெரும்பாலும் யாரும் புதிதாகக் கோடு கிழிப்பதில்லை. வருவாய் கிராமங்கள் சில சேர்ந்தது ஒரு பிர்கா, அதற்கு ஒரு வருவாய் ஆய்வாளர். பிர்காக்கள் சேர்ந்தது வட்டம், வட்டங்கள் சேர்ந்தது கோட்டம், கோட்டங்கள் சேர்ந்தது மாவட்டம். பழைய வட்டத்திலிருந்து சில பிர்காக்களை அப்படியே தூக்கிப் புது வட்டத்தில் வைப்பார்கள். இடையில் ஒரு கிராமத்தை மட்டும் கழற்றுவது தலைவலி என்பதால், ஒரு ஊருக்கு வசதியில்லை என்றாலும் பிர்காவோடு அதுவும் போய்விடும். கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தால் இந்த அமைப்பைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு இந்த பிர்கா என்று தேதி போட்டிருப்பார்கள், அந்த பிர்காவின் வி.ஏ.ஓ.க்கள் மட்டும் கணக்குக் கட்டுகளைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஆகவே பட்டியலை ஊர் ஊராகப் போடாதீர்கள், பிர்கா வாரியாகப் போடுங்கள். எங்கே ஒரு கிராமம் பஸ் வசதியால் பக்கத்து பிர்காவோடு ஒட்டி நிற்கிறதோ, அதைத் தனியாகக் குறித்துக் காரணத்தையும் எழுதுங்கள்.

அடுத்தது கோட்டம். நம் ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றால் பாதிப்பேர் லைசென்ஸ் எடுக்கும் இடத்தை நினைக்கிறார்கள். நான் சொல்வது கோட்டாட்சியர் அலுவலகத்தை. அந்த நாற்காலியில் நேரடி ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தால் சார் ஆட்சியர் என்று பலகை மாறும், வேலை ஒன்றுதான். தாசில்தாரையும் கலெக்டரையும் தெரிந்தவர்களுக்கு நடுவில் இருக்கும் இந்த ஆபீஸ் தெரிவதில்லை, தேவை வரும் வரை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர், அப்பா பெயரில் ஒரே பட்டா. தம்பி உட்பிரிவு கேட்டு மனுப் போடுகிறார். சர்வேயர் அளக்கிறார், தாசில்தார் உத்தரவு போடுகிறார். அண்ணனுக்கு அது சரியில்லை. அதே தாலுகா ஆபீசில் மறுபடி மனுக் கொடுத்தால் பலனில்லை. பட்டா பாஸ்புக் சட்டப்படி மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேலே சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன் போக வேண்டியது கோட்டத் தலைமையிடத்துக்கு. பழங்குடியினர் சாதிச் சான்றும் கோட்டாட்சியர் கையெழுத்தில்தான் வரும். தாலுகா ஆபீஸ் தெருமுனைக்கு வந்துவிட்டாலும், கோட்டம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தால் இவர்களுக்கு அலைச்சல் குறையாது.

தென்காசியைப் பாருங்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மாவட்டத்தோடு நிற்காமல் சங்கரன்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதுக் கோட்டமும் வந்தது. கலெக்டர் ஆபீசை மட்டும் கிட்டக் கொண்டுவந்திருந்தால், வடக்குப் பக்க ஊர்க்காரர்கள் மேல்முறையீட்டுக்குத் தென்காசி வரை போக வேண்டியிருக்கும்.

அப்புறம், மக்களிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று. வட்டம் மாறினால் நிலத்தின் சர்வே நம்பர் மாறாது. ஆனால் eservices.tn.gov.in தளத்தில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வரிசையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே புது வட்டத்தின் பெயர் வந்துவிடும். பத்திரத்திலோ பழைய பெயரே இருக்கும். பதிவுத் துறையின் எல்லை வேறு என்பதால் சார்பதிவாளர் அலுவலகம் மாறாமலே இருக்கலாம். பெயர் பொருந்தவில்லை என்று வங்கியில் கடன் மனுவைத் திருப்பிய கதை எனக்குத் தெரியும். வட்டம் பிரித்த அரசாணையின் நகல் ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஊராட்சி ஒன்றிய எல்லையும் வட்ட எல்லையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-உடன் நிர்வாக எல்லைகளை மாற்றுவது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பு முடியும் வரை உங்கள் கோரிக்கை நகராது. உண்ணாவிரதத்துக்குத் தேதி குறிப்பதை விட்டுவிட்டு, இந்த இடைவெளியில் பட்டியலைத் தயார் செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். தாலுகா வரைபடம் ஒன்றும், பிர்கா வாரிக் கிராமப் பட்டியலும், நம் பக்கத்து பஸ் நேர அட்டவணையும் எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்