எல்லா ‘ஷல்’லுக்கும் ‘வேண்டும்’ போடாதீர்கள்: கடலோர அறிவிப்புகளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இராமேசுவரம், மண்டபம், பாம்பன் இறங்குதளங்களில் வைக்கும் பலகைகளுக்காக ஆங்கில விதிகளைத் தமிழில் எழுதும் அலுவலர்களுக்கும், அவற்றைச் சரிபார்க்கும் படகுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நாங்கள் மொழிபெயர்ப்பை வேலையாகச் செய்பவர்கள். எங்களுடைய கோரிக்கை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ஆங்கில விதிகளில் வரிக்கு வரி வரும் ‘ஷல்’ பல வேலைகளைச் செய்கிறது. கடமையைச் சொல்லும், இனி நடக்கப்போவதைச் சொல்லும், வெறும் விளக்கத்தையும் சொல்லும். தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் ‘வேண்டும்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் சட்டவரைவாளர்கள் பலரே இப்போது ‘ஷல்’லைத் தவிர்க்கிறார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் திருத்தி எழுதியபோது, கடமை வரும் இடத்தில் ‘மஸ்ட்’ வைத்து ‘ஷல்’லை விலக்கினார்கள். மூலம் ஆங்கிலத்தில் இருப்பவர்களுக்கே அது குழப்பம் என்றால் நமக்கு ஏன் விசுவாசம்?

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நாங்களே கட்டியதுதான், ஆனால் இந்த வடிவத்தை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். “உரிமையாளர் டோக்கன் பெறுதல் வேண்டும். டோக்கன் வழங்கப்படுதல் வேண்டும். டோக்கன் ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் ரத்தாதல் வேண்டும்.” ஆங்கிலத்தில் நான்கிலும் ‘ஷல்’. ஆனால் கடமை என்று தெளிவாகச் சொல்லத்தக்கது முதல் வரி மட்டுமே.

ஒவ்வொரு வரியின் கீழும் இரண்டு கேள்வி எழுதிப் பாருங்கள்: யார் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் யார் மேல் குற்றம்? முதல் வரிக்குப் பதில் உரிமையாளர். அதனால் “படகு புறப்படும் முன் உரிமையாளர் டோக்கன் வாங்க வேண்டும்” என்று நேராக எழுதலாம். இரண்டாவது வரியில் ஆளே இல்லை. வழங்குவது அலுவலகம் என்றால் “அலுவலர் டோக்கன் தருவார்” என்று எழுதுங்கள். தருவது அவருடைய கட்டாயக் கடமை என்றால் “தர வேண்டும்” என எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது தகவல், பின்னதைக் காட்டி உரிமையாளர் கேட்க முடியும். ‘வழங்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

மூன்றாவது வரியில் தவறு செய்ய யாருமே இல்லை. துண்டுக் காகிதம் எப்படிக் கடமையாற்றும்? “டோக்கன் ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும்.” அவ்வளவுதான். நான்காவது வரி, ஒரு நிபந்தனை வந்ததும் தானாக நிகழும் விளைவு: “எச்சரிக்கை வந்தால் டோக்கன் ரத்தாகும்.” இங்கே ‘வேண்டும்’ போட்டால், யாராவது வந்து ரத்து செய்கிறவரை டோக்கன் உயிரோடு இருக்கிறது என்று படிக்க இடமுண்டு. கடல் கொந்தளிக்கும்போது இந்த வாசிப்பு ஆபத்தானது.

‘வேண்டும்’ என்ற சொல்லிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. “உரிமையாளருக்கு டோக்கன் வேண்டும்” என்றால் அவர் கேட்கிறார் என்று பொருள். ‘உரிமையாளர்’ என எழுவாயாக வைத்து, வினையோடு ‘வேண்டும்’ சேர்த்தால்தான் கடமை வரும்.

எதிர்மறையில் சிக்கல் இன்னும் கூடுதல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். “எல்லா விசைப்படகுகளும் கடலுக்குச் செல்லக் கூடாது” என்று எழுதினால், ‘எல்லாமாகச் சேர்ந்து போகக் கூடாது, சில போகலாம்’ என்றும் ஒருவர் வாதாடலாம். “எந்த விசைப்படகும் கடலுக்குச் செல்லக் கூடாது” என்றால் ஓட்டை இல்லை. அதேபோல ‘செல்லக் கூடாது’ வேறு, ‘செல்ல வேண்டியதில்லை’ வேறு. தடைக்கும் விலக்குக்கும் உள்ள தூரம் அது. ஒரு கடமையிலிருந்து நாட்டுப்படகுக்கு விலக்கு என்றால் ‘வேண்டியதில்லை’; இரட்டைமடி வலைக்குத் தடை என்றால் ‘கூடாது’. ‘வேண்டாம்’ வீட்டில் பேச நல்ல சொல். பலகையில் அது அறிவுரைபோலத்தான் ஒலிக்கும்.

ஒரு எல்லையையும் மதியுங்கள். ‘ஷல்’ என்று எழுதியிருந்தாலும் அது கட்டாயமா, வழிகாட்டுதல் மட்டுமா என்று இந்திய உச்ச நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. 1960இல் பாபு ராம் உபாத்தியாயா வழக்கில் அதைப் பேசியிருக்கிறது. பலகை எழுதுகிறவர் அந்தத் தீர்ப்பைத் தாமே வழங்க முடியாது. பொருள் ஐயமாக இருக்கும் வரியில் விதி எண்ணைக் கூடவே போட்டு, வரைந்த அதிகாரியிடம் ‘இது கடமையா, தகவலா’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை அந்த வரியைப் பலகையில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
கடலோர மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்