மணிக்கு 900 ரூபாய் என்ற உங்கள் விளம்பரம் பற்றிய புகார்

அனுப்புநர்:
சிறு விவசாயி, தொண்டிக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம்,
திருவாடானை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டிராக்டர், பண்ணைக் கருவி வாடகை நிறுவனம்.

பொருள்: விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக வாடகை வாங்கியது, 1,710 ரூபாய் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா,

புரட்டாசி பிறந்ததும் எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் துண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதே வாசகத்தை ஆட்டோவில் ரேடியோ கட்டியும் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு இன்னும் மனப்பாடம்: “மழை வரும் முன்னே விதை போட வேண்டுமா? டிராக்டர், ரொட்டவேட்டர், கொத்துக் கலப்பை, விதைப்புக் கருவி, எல்லாம் ஒரே வாடகை. மணிக்கு 900 ரூபாய் மட்டுமே! ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர்! இன்று கூப்பிட்டால் நாளை வயலில்.”

மொத்தமே நாலு வரி. அந்த நாலு வரியை நம்பி நான் 4,950 ரூபாய் கொடுத்த கதையைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 2 ஏக்கர் 10 சென்ட், மூன்று துண்டாகக் கிடக்கிறது: 1 ஏக்கர் 10 சென்ட், 60 சென்ட், 40 சென்ட். எங்கள் பக்கம் நாற்று விட்டு நடுவது குறைவு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். புழுதி விதைப்பு என்போம். ஐப்பசி மழை வருவதற்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். எல்லாருக்கும் அதே பத்து நாளில் வண்டி வேண்டும் என்பதால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த அவசரம் தெரிந்துதான் நீங்களும் அந்த நேரத்தில் விளம்பரம் செய்கிறீர்கள். அதில் தப்பில்லை.

போனில் நான் கேட்டது ஒன்பது கொத்து வைத்த கலப்பை ஒன்று. வந்தது ரொட்டவேட்டர். “கலப்பை வேற ஊருக்குப் போயிருக்குண்ணே, இதுவும் அதே வாடகைதான்” என்றார் ஓட்டுநர். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. சரி, ஓட்டுங்கள் என்றேன். அந்தச் சம்மதம் என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை.

ஆனால் வாடகை ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடுமா? உங்கள் ரொட்டவேட்டர் ஐந்து அடி அகலம், ஒன்றரை மீட்டர். மண்ணை அரைத்துக்கொண்டு போவதால் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினார். நிற்காமல் நேராக ஓடினாலே மணிக்கு 4,500 சதுர மீட்டர்தான், அதாவது ஒரு ஏக்கரும் பத்து சென்ட் சொச்சமும். எங்களுடையதோ சின்னத் துண்டுகள். வரப்பில் திரும்புவது, மூலை எடுப்பது, ஓட்டிய தடத்தின் மேல் கொஞ்சம் ஏறி ஓட்டுவது எல்லாம் போக அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே நல்லது. கொத்துக் கலப்பை இரண்டு மீட்டர் அகலம், மணிக்கு 5 கிலோமீட்டர் ஓடும். சின்ன வயலிலும் மணிக்கு ஒன்றரை ஏக்கர் முடித்துவிடும். ஆகவே “ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர்” என்பது கலப்பைக்கு உண்மை, ரொட்டவேட்டருக்கு, அதுவும் எங்கள் வயலில், பொய். இரண்டுக்கும் ஒரே வாடகை என்றால் ஏக்கருக்கு ரொட்டவேட்டரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. எல்லாம் ஒரே வாடகை என்று சந்தோஷமாகக் கூவியதற்கு அர்த்தம் இதுதான்.

இனி, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டருக்கு வருகிறேன். வண்டி வரப்பில் இறங்கியபோது என் அண்ணன் மகன் போனில் மீட்டரைப் படம் எடுத்து வைத்தான். 1413.8 என்று காட்டியது. வேலை முடிந்து ஏறும்போது 1416.7. இந்தக் கடைசி இலக்கத்தைப் பலர் நிமிஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மணியில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றுக்கு 6 நிமிஷம். ஆக, வயலில் வண்டி இருந்தது 2.9 மணி நேரம். அதிலும் அரை மணி நேரம் சும்மா நின்றது. 60 சென்ட் துண்டின் ஓரத்தில் சீமைக்கருவேல் வேர் ரொட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. ஓட்டுநர் கத்தியைச் சுழற்றும் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு அரிவாளால் வெட்டி எடுத்தார். ஆனால் இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. கேட்டதற்கு, “பேட்டரி வீக், அணைச்சா மறுபடி எடுக்காது” என்றார். கருவி மாட்டிய வண்டிக்கு அடியில் கை விடும்போது இன்ஜினை அணைப்பதுதான் முறை. பேட்டரிக்காக அந்த மனிதர் விரலைப் பணயம் வைத்தார், நான் 450 ரூபாயைப் பணயம் வைத்தேன். பழைய வண்டிகளில் மீட்டர் இன்ஜின் சுற்றோடு சேர்ந்து ஓடும். சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மீட்டரும் மெதுவாக நகரும். உங்களுடையது டிஜிட்டல், இன்ஜின் ஓடினால் கடிகாரம் போல எண்ணுகிறது.

அப்புறம் ரசீது வந்தது. அதில் ஆரம்பம் 1412.6 என்று இருந்தது. அது உங்கள் ஷெட்டில் புறப்பட்டபோது இருந்த அளவு. 24 கிலோமீட்டர் ரோட்டில் வந்த 1.2 மணி நேரமும் உழவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. திரும்பிப் போவதற்கு இன்னொரு 1.2. மொத்தம் 5.3. அதையும் அரை மணியாக மேலே ஏற்றி 5.5 ஆக்கி, 900-ஆல் பெருக்கி 4,950 வாங்கினீர்கள். கத்தி மண்ணில் ஓடியது 2.4 மணி நேரம், உழுதது 1 ஏக்கர் 70 சென்ட். ஏக்கருக்கு 2,900 ரூபாய்க்கு மேல். வேர் மாட்டிய பிறகு 40 சென்ட் துண்டை ஓட்டுநரும் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தொடாதது நல்லதாய்ப் போயிற்று. மறுநாள் பக்கத்து வயல்காரரின் கொத்துக் கலப்பையில் அதை ஓட்டி, விதைத்து, மேலாக ஒரு சால் மூடினேன். உழ மட்டும் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. ரொட்டவேட்டர் ஓட்டிய துண்டுகளில் விதையைத் தூவி அதே கருவியால்தான் மூடியிருந்தோம். ஒரு வாரத்தில் லேசாக ஒரு மழை பெய்தது, பிறகு நாலு நாள் சுள்ளென்று வெயில். 40 சென்ட் பச்சை கட்டியது. மற்ற இரண்டும் திட்டுத்திட்டாக முளைத்தன. முளைக்காத இடத்தில் கையால் தோண்டிப் பார்த்தேன். சில இடத்தில் முளை மேலே வந்து, பொருக்கில் முட்டி, வளைந்து கிடந்தது. சில இடத்தில் விதையே நாலு விரல் ஆழத்தில் இருந்தது, முளை பாதியில் நின்றுவிட்டது. எறும்போ அழுகலோ என்றால் உமி வெறும் கூடாக இருக்கும். அப்படி இல்லை. கடலோரத்து உவர் மண்ணை மாவாக அரைத்துவிட்டால் முதல் மழையில் கரைந்து, வெயிலில் சிமெண்ட் பூசியது போல இறுகிவிடும். சின்னச் சின்னக் கட்டி கிடந்தால்தான் முளைக்கு வழி கிடைக்கும். கலப்பை கேட்டதற்குக் காரணம் இதுதான். சேற்று உழவுக்கோ எருவைக் கலக்கவோ ரொட்டவேட்டர் நல்ல கருவி, அதைக் குறை சொல்லவில்லை. 20 கிலோ விதை மறுபடி தூவினேன். சம்மதித்தது நான் என்பதால் அதற்கு உங்களிடம் காசு கேட்கவில்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, “நோட்டீஸ்ல எல்லாம் போட்டிருக்கே சார்” என்றார்கள். திரும்பப் போய்ப் பார்த்தேன். அடியில் எறும்பு ஊர்கிற அளவில் இங்கிலீஷில் ஒரு வரி. என் மகள் போனில் பெரிதாக்கி வாசித்தாள்: போக்குவரத்து நேரமும் கணக்கில் சேரும், கருவி கிடைப்பதைப் பொறுத்து மாறும். நாலு வரியைத் தமிழில் கூவத் தெரிந்தவர்களுக்கு இந்த ஐந்தாவது வரிக்குத் தமிழ் வராமல் போனது ஏன்? தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதற்கு விதி இருக்கிறது: நிபந்தனையை விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் போட வேண்டும், விளம்பரம் சொல்வதற்கு நிபந்தனை முரணாக இருக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மிரட்டுவதற்காக எழுதவில்லை. தெரியாமல் செய்திருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கேட்பது மூன்று தொகைகள். வண்டி சும்மா நின்ற 0.5 மணிக்கு 450 ரூபாய், திரும்பிப் போன 1.2 மணிக்கு 1,080, மேலே ஏற்றிய 0.2 மணிக்கு 180. மொத்தம் 1,710. வந்த நேரத்துக்கான வாடகையைத் திருப்பிக் கேட்கவில்லை. டிராக்டர் பறந்து வராது, டீசல் செலவு எனக்கும் தெரியும். ஆனால் அது முன்பே தெரிந்திருந்தால் எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டிருப்போம், ஆளுக்குக் கால் பங்குதான் விழுந்திருக்கும். உங்களுக்கும் ஒரே அலைச்சலில் நாலு வயல் கிடைத்திருக்கும்.

ஆட்டோவில் சொல்ல இடம் போதாது என்று உங்கள் ஆள் சொன்னார். அதனால் நானே எழுதிப் பார்த்தேன். நிதானமாக வாசித்தாலும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது:

“விதைப்புக்கு வண்டி வேண்டுமா? மணிக்கு 900 ரூபாய். ஒன்பது கொத்துக் கலப்பை மணிக்கு ஒன்றரை ஏக்கர் ஓட்டும், ரொட்டவேட்டர் முக்கால் ஏக்கர் ஓட்டும். வண்டி வரும் நேரத்துக்கு வாடகை உண்டு, திரும்பும் நேரத்துக்குக் கிடையாது. நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டால் அந்தச் செலவு நாலாகப் பிரியும். வயலில் இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

இதற்குக் காசு வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரசீது நகலும், மீட்டர் படங்கள் இரண்டும், நோட்டீஸின் படமும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். போனில் பேசுவதானால் காலை எட்டு மணிக்குள் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு வயலில் இருப்பேன், அங்கே சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்