முதல் பிளான் வந்திருக்கும் கலாவுக்கு

திருச்சி
ஞாயிறு, மதியம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மனை வாங்கிப் போட்டு இத்தனை வருஷம் கழித்து வீட்டு வேலையைத் தொடங்கப் போகிறீர்கள் என்று படித்ததும், இவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அத்தைக்கும் ஒரே சந்தோஷம். கோயம்புத்தூருக்குப் புதுமனைப் புகுவிழாவுக்கு இப்போதே துணி எடுத்து வைக்கச் சொல்கிறார்.

ஆர்க்கிடெக்ட் அனுப்பிய முதல் பிளானைப் பார்த்து நீ மூன்று விஷயம் எழுதியிருக்கிறாய். ஹால் சின்னதாகத் தெரிகிறது, சமையலறை பெரிசாக வேண்டும், மாடிப்படியை ஓரமாகத் தள்ளச் சொல்லப் போகிறேன் என்று. கலா, இதை இப்படியே அவருக்கு அனுப்பிவிடாதே. நான் அப்படித்தான் அனுப்பினேன். அதனால் எங்கள் வீட்டு பிளான் இரண்டு மாசம் முன்னும் பின்னும் அலைந்தது. என்ன நடந்தது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் மனை 30-க்கு 50, கிழக்கு வாசல். முதல் பிளானில் சமையலறை 8 அடி அகலம். நடுவில் 6 அடிக்கு 8 அடியில் ஒரு சின்ன முற்றம். சமையலறை, சாப்பிடும் இடம், படிக்கட்டு மூன்றுக்கும் வெளிச்சம் அந்த முற்றத்திலிருந்துதான். எனக்கு சமையலறை இடைஞ்சலாகத் தெரிந்தது. "கிச்சன் கொஞ்சம் பெரிசா வேணும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் அடுத்த பிளான் வந்தது. கேட்டபடியே சமையலறை 9 அடி. ஆனால் அந்த ஓர் அடி முற்றத்திலிருந்து வந்திருந்தது. 6 அடி முற்றம் 5 அடியாகிவிட்டது. அவர் மேல் குற்றமே இல்லை. நான் கேட்டதை அவர் செய்தார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு அங்கே என்னதான் இடைஞ்சல்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிரச்சினை சமையலறையின் அளவே இல்லை, ஃபிரிட்ஜ்தான். ஒரு பக்கம் 2 அடி சமையல் மேடை. எதிர்ப்பக்கம் ஃபிரிட்ஜ், பின்னால் சுவரோடு விடும் இடைவெளியையும் சேர்த்தால் 2½ அடி. 8 அடியில் இது போக நடுவில் 3½ அடி மிச்சம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அதிலும் 2 அடி போய்விடும். நான் அடுப்பில் நிற்கும்போது அத்தை பால் எடுக்க வந்தால் இருவரில் ஒருவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். 9 அடி ஆன பிறகும் இந்தத் தொல்லை பாதிகூடத் தீரவில்லை!

அதை அப்படியே எழுதினேன். "நான் அடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் ஃபிரிட்ஜைத் திறந்தால் வழி அடைபடுகிறது. ஒரு நாளில் இது இருபது தடவை நடக்கும்." அவ்வளவுதான். அவர் ஃபிரிட்ஜைச் சாப்பிடும் இடத்துப் பக்கம், சமையலறை வாசலை ஒட்டி ஒரு மாடத்துக்குள் வைத்தார். சமையலறை பழையபடி 8 அடிக்குத் திரும்பியது, முற்றமும் 6 அடிக்கு வந்தது.

நான் புரிந்துகொண்டது இதுதான்: அளவைச் சொன்னால் அவர் அளவைத்தான் மாற்றுவார். அங்கே யார், எப்போது, என்ன செய்கிறார்கள், எது இடிக்கிறது என்று சொன்னால் இடத்தை வேறு மாதிரி யோசிப்பார். அந்த யோசனைக்குத்தானே அவருக்குப் பணம் கொடுக்கிறோம்.

இப்போது உன் மாடிப்படிக்கு வருகிறேன். அதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. தரையிலிருந்து மாடித் தரைவரை 10 அடி என்று வை. ஒரு படி 6 அங்குல உயரம் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பும் படி என்றால் பக்கத்துக்குப் பத்து, கால் வைக்க ஒன்பது படி. ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 7½ அடி, திரும்பும் இடத்துக்கு 3 அடி, ஆக 10½ அடி நீளம். அகலத்தில் 3 அடி, 3 அடி, நடுவில் கைப்பிடிக்குச் சின்ன இடைவெளி. இந்தக் கட்டத்தை எங்கே நகர்த்தினாலும் முழுசாகத்தான் நகர்த்த முடியும். "ஹாலுக்கு ஒன்றரை அடி விட்டுக்கொடு" என்று நீ வற்புறுத்தினால், அந்த ஒன்றரை அடி ஒன்பது படிக்கும் பங்காகி ஒவ்வொன்றிலும் 2 அங்குலம் குறையும். 8 அங்குலப் படியில் இறங்கும்போது குதிகால் ஊன்றினால் முன்பாதம் அந்தரத்தில் நிற்கும். உன் மாமனாரை நினைத்துப் பார்.

அதனால் முதலில் அவரிடம் கேள். "படியை நடுவில் வைத்ததற்கு என்ன காரணம்?" என்று கேட்டால் போதும், குறை சொன்னதாக ஆகாது. மேலே போனதும் மூன்று அறைக்கும் சுற்றி நடக்காமல் போக வேண்டும் என்று வைத்திருக்கலாம். படிக்கு மேலே ஜன்னல் வைத்துக் கீழ் ஹாலின் சூட்டை வெளியே விட நினைத்திருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு ஹாலில் உனக்கு எது குறைகிறது என்று சொல். சோபா போட இடமில்லையா, நாலு பேர் வந்தால் உட்கார இடமில்லையா, நுழைந்ததும் எதிரே சுவர் தெரிவது பிடிக்கவில்லையா? மூன்றுக்கும் வழி வேறுவேறு.

இன்னொன்று, கலா, பிளானைத் தாளில் பார்த்து முடிவு செய்யாதே. தாளில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், அல்லது ஏமாற்றிப் பெரிசாகத் தெரியும். நாங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டோம். அத்தையின் அறையோடு சேர்ந்த பாத்ரூம் 4 அடிக்கு 7 அடி. கோட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கமோடாக வைத்தோம். அத்தை வாக்கரோடு நடந்து பார்த்தார். வாக்கர் 24 அங்குலம். பிளானில் கதவு 2½ அடி. ஆனால் அது நிலையையும் சேர்த்த அளவு. இரண்டு பக்கமும் நிலைச் சட்டத்தைக் கழித்தால் 25 அங்குலம், திறந்து நிற்கும் பலகையின் கனம் போனால் அதுவும் இல்லை. வாசலுக்காக நாங்கள் வைத்திருந்த இரண்டு செங்கல்லிலும் அத்தையின் விரல் உரசியது. உள்ளே போனதும் கதவு திறக்கும் வட்டம் வாக்கர் திரும்பும் இடத்தையே முழுசாக மறைத்தது. அத்தை பேசாமல் நின்றுவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு ராத்திரி எழுதியது இது, அப்படியே தருகிறேன்: "தரைத்தள பிளான், தேதி போட்ட இரண்டாம் வரைவு. குறி 3, அத்தை பாத்ரூம். வாக்கர் அகலம் 24 அங்குலம். கதவில் கை இடிக்கிறது, உள்ளே கதவைத் தாண்டித் திரும்ப முடியவில்லை. இது கட்டாயம் சரியாக வேண்டும். எப்படி என்பது உங்கள் விருப்பம். பெட்ரூம் குறைந்தாலும் பரவாயில்லை." அவர் கதவை 3 அடியாக்கி வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்து, கமோடைக் கடைசிச் சுவருக்குக் கொண்டுபோனார். பெட்ரூம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. வெளியே திறக்கும் கதவு என்றால், உள்ளே யாராவது விழுந்துவிட்டாலும் திறக்க முடியும் என்று அவரே சொன்னார். அது எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

நான் எழுதி அனுப்பியதில் கடைசி வரியைக் கவனித்தாயா? எதை விட்டுக்கொடுப்பேன் என்று சொன்னேன். அதேபோல எதைத் தொடக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் பிளானில் வாசலில் நின்றால் முற்றத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கும் வேப்பமரம் நேராகத் தெரிந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் நான் அதைச் சொல்லவே இல்லை. பிடிக்காததை மட்டும் எழுதினேன். அடுத்த வரைவில் அந்த வழியில் ஒரு அலமாரிச் சுவர் வந்து நின்றது. பிடித்ததைச் சொல்லாவிட்டால், எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்றுதான் அவருக்குப் படும்.

வாஸ்துவையும் இப்போதே சொல்லிவிடு. அக்னி மூலையில் சமையல், கன்னி மூலையில் உங்கள் பெட்ரூம், ஈசானியத்தில் பாத்ரூம் வேண்டாம் என்று உன் மாமனார் எதிர்பார்த்தால், அது இந்த முதல் வரைவிலேயே போக வேண்டும். தூண்கள் எங்கே என்று இன்ஜினியர் குறித்த பிறகு "சமையலறை மூலை மாறணும்" என்றால் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியதுதான். டைல்ஸ், சுவிட்ச், பெயின்ட் எல்லாம் பிறகு வரும். இந்தக் கட்டத்தில் அதைப் பேசினால் முக்கியமானது அதற்குள் தொலைந்துபோகும்.

அப்புறம், யார் பேசுவது? எங்கள் வீட்டில் நான் ஒன்று எழுதினேன், இவர் போனில் ஒன்று சொன்னார், இவர் தம்பி வாய்ஸ் மெசேஜில் இன்னொன்று அனுப்பினார். கார் நிறுத்த 10 அடி என்றும் 12 அடி என்றும் ஒரே நாளில் போயிருக்கிறது, பாவம் அவர். நீங்கள் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து, சண்டை போட வேண்டியதை வீட்டுக்குள்ளேயே போட்டு முடியுங்கள். பிறகு ஒரே தாளாக, உன் கையால் மட்டும் போகட்டும். பிளானை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் 1, 2, 3 என்று குறி போட்டு, அதே எண்ணில் தாளில் விஷயத்தை எழுது. கோடு போட்டு நீயே புது அறை வரைய வேண்டாம். வரைந்தே ஆக வேண்டும் என்றால் "புரிவதற்காக மட்டும்" என்று பக்கத்தில் எழுதிவிடு.

அறைக்குள் போட்டிருக்கும் அளவு சுவருக்கு உள்பக்கமா, சுவரின் நடுவிலிருந்தா என்றும் கேட்டுக்கொள். உங்கள் வெளிச்சுவர் 9 அங்குலமாக இருந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பீரோவே நுழையாமல் போகலாம். பீரோவையும் கட்டிலையும் இன்றைக்கே டேப் வைத்து அளந்து எழுதி வை.

பிளானைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு. தாளுக்கு நேர் மேலிருந்து எடு, சாய்த்து எடுத்தால் அளவு படிக்க முடியாது. வடக்கு அம்புக்குறி படத்துக்குள் வரட்டும். புதன்கிழமை இவருக்கு லீவு, இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

வேப்பமரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அலமாரி படிக்கட்டுக்கு அடியில் போனது. இப்போது இதை எழுதும்போது வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மரத்தடியில் அத்தை வேப்பம்பூ பொறுக்கிக்கொண்டிருக்கிறார். காயவைத்து உனக்கும் ஒரு டப்பா அனுப்பச் சொன்னார்.

அன்புடன்,
மல்லிகா