காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று குளிசை

தருமபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகனுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு உடனே எடுத்தேன். "காய்ச்சல் விட்டுட்டுது அம்மா, இந்தக் குளிசை வயிற்றைப் பிரட்டுது, நிப்பாட்டட்டா?" என்று கேட்டிருந்தாய். நிப்பாட்டாதே என்று போனில் சொன்னேன். நீயும் ஓம் ஓம் என்றாய். அந்த ஓம் எனக்குத் தெரியும் ராசா, சின்ன வயதில் பல்லுத் தீட்டினாயா என்று கேட்டாலும் அதே ஓம்தான். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தம்பி இன்றிரவு கொழும்பு பஸ் ஏறுகிறான் என்றதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு வந்தது நெருப்புக்காய்ச்சல். உன் துண்டில் டைபொயிட் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இன்றைக்குக் காய்ச்சல் தொடங்கிப் பத்தாம் நாள். டொக்டர் ஏழு நாளுக்கு அசித்ரோமைசின் தந்தார். நீ நாலு நாள் போட்டுவிட்டாய், இன்றையது ஐந்தாவது. ஐந்தாம் நாளில் காய்ச்சல் இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், கிருமி போய்விட்டது என்று இல்லை.

இந்தக் கிருமிக்குப் பெயர் சல்மொனெல்லா டைபி. தண்ணீரோடோ சாப்பாட்டோடோ வாய்வழியாகப் போய், சிறுகுடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் இறங்கும். இரத்தத்தில் மட்டும் நின்றால் லேசாகக் கொன்றுவிடலாம். ஆனால் அது ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை எல்லாவற்றுக்கும் போய், கிருமியை விழுங்க வந்த எங்கள் உடம்பின் கலங்களுக்குள்ளேயே குடியிருக்கும். மருந்து போட்டதும் இரத்தத்தில் திரிவது குறையும், காய்ச்சல் விழும். கலத்துக்குள் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிக்கத்தான் மிச்ச மூன்று நாள். அசித்ரோமைசின் கலங்களுக்குள் நன்றாகச் சேரும் மருந்து, இந்த நோய்க்கு அதைத் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை நான் புத்தகத்தில் படித்ததை விட உன் சின்ன மாமாவிடம் படித்தது கூட. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி அக்கராயன் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். ஒரு கிணற்றில் எத்தனையோ குடும்பம் அள்ளும். மாமாவுக்குப் பத்தொன்பது வயது. முதல் நாள் லேசான காய்ச்சல், அடுத்த நாள் கொஞ்சம் கூட, அதற்கடுத்த நாள் இன்னும் கூட, படி ஏறுவது போல. பின்னேரமானால் கொதிக்கும். தலையிடி, பசியில்லை, வயிற்றால் போகவில்லை, நாக்கின் நடு வெள்ளையாக மாப்பூசியது போலவும் ஓரம் சிவந்தும் இருந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியாதான் முதலில் நினைவுக்கு வரும். குளோரோகுயின் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. இரத்தத் துளியில் மலேரியாக் கிருமியும் இல்லை. பிறகுதான் நெருப்புக்காய்ச்சல் என்று குளோராம்பெனிகோல் கப்சூல் கொடுத்தார்கள், பதினாலு நாளுக்கு.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா எழும்பி உட்கார்ந்து சோறு கேட்டார், அம்மம்மா அழுதுவிட்டா. அப்போது மருந்து தங்கம் போல. பனடோல் கூடக் கிடையாத காலம். அடுத்த முறைக்கு உதவும் என்று மிச்சக் கப்சூலை ஒரு மா ரின்னில் போட்டு மூடி வைத்துவிட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை. சரியாகப் பதினேழு நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தக் காய்ச்சல் திரும்புவதென்றால் பெரும்பாலும் இப்படி இரண்டு மூன்று கிழமைக்குள்தான் திரும்பும். ரின்னில் இருந்ததை எடுத்து விழுங்கிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் படுத்திருந்தார். ஒரு காலை கக்கூஸ் போய் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்பாக, தார் போலப் போயிருக்கிறது. முகம் வெளிறி, கை ஜில்லென்று வேர்த்திருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டு பைந்து இரத்தம் ஏற்றித்தான் தப்பினார்.

குடல் சுவரில் கிருமி தங்கும் இடங்கள் புண்ணாகி இரத்தம் கசியும், சிலருக்கு ஓட்டையே விழும். அது பெரும்பாலும் மூன்றாம் கிழமையில் நடக்கும். மருந்து ஒழுங்காகப் போட்டவனுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. என்றாலும் மலம் கறுத்தாலோ சிவந்தாலோ, திடீரென்று வயிறு குத்தி வலித்துப் பலகை போல இறுகினாலோ, காய்ச்சல் சட்டென்று இறங்கி நாடி ஓடி வேர்த்தாலோ, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. நேரே ஆஸ்பத்திரி, அப்புறம் எனக்கு.

குளிசை பிரட்டுகிறது என்றாய். சாப்பிட்ட பிறகு போடு, குறையும். நீ நெஞ்செரிவுக்கு ஒரு வெள்ளைப் பாணி மருந்து குடிக்கிறாய் அல்லவா? அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அந்த மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்காதே. அசித்ரோமைசின் இரத்தத்தில் ஏறும் உச்ச அளவை அது குறைக்கும். இரண்டு மணித்தியாலமாவது தள்ளி வை. போட்ட கொஞ்ச நேரத்திலேயே சத்தி எடுத்தால் டொக்டரைக் கேள், நீயாகக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். திரும்பவும் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், வேறு வலிக்குளிசை எதுவும் கூடாது.

ஒரு விடயத்தில் மட்டும் உன்னை மெச்ச வேண்டும். காய்ச்சல் தொடங்கியதும் பார்மசியில் ஏதோ ஒரு அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்காமல் ஆறாம் நாள் போய் இரத்தம் கொடுத்தாய். இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் இதில் நம்பக்கூடியது, அதையும் மருந்து தொடங்க முன் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் கிருமி பிடிபடும். அந்த வைடால் என்கிற பரிசோதனையை ஒரு முறை செய்து "பொசிட்டிவ்" என்று சொல்லி எத்தனை பேரை மருந்து குடிக்க வைத்திருக்கிறார்கள்! எங்கள் பகுதிகளில் பழைய தொற்றாலும் வேறு காய்ச்சலாலும் அது கூடிக் காட்டும்.

எங்கே பிடித்தாய் என்று அப்பா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமையில் காய்ச்சல் வரும், மூன்று நாலு கிழமை எடுப்பதும் உண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நீ வந்து போன பன்னிரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல். அந்த வெயிலில் வீதியோரம் ஐஸ் போட்ட சர்பத் இரண்டு கிளாஸ் குடித்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஐஸ் கட்டியில் கிருமி சாகாது. அதுதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், வெள்ளவத்தைக் கடையாகவும் இருக்கலாம். எங்கள் கிணறாகவும் இருக்கலாம் என்று நினைத்துச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டேன். அவர் மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் அளந்து பார்த்தார், ஐம்பது அடிக்கு மேல் இருக்கிறது. பிறகு குளோரின் போட்டோம். கிணற்றின் விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் நின்றது, அப்படியென்றால் கிட்டத்தட்ட 14,000 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு இரண்டரை கிராம் வெளிற்றும் தூள் கணக்கில் 35 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி இறக்கிக் கலக்கினார். அடுத்த நாள் காலைதான் அள்ளினோம். அழுக்குப் போன கிணறு என்றால் இதைவிடக் கூட்டிப் போடுவார்களாம்.

உனக்கு அங்கே கிணறும் இல்லை, அந்த வேலையும் இல்லை. கேத்தல் இருக்கிறது. தண்ணீர் குமிழி விட்டுத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும், இந்தக் கிருமி செத்துவிடும். கெடுக்கிறது அதற்குப் பிறகு செய்வதுதான். நீ சுடுதண்ணீரை ஆற்ற நேரமில்லாமல் பைப் தண்ணீரைப் பாதி கலப்பாய். அப்படிச் செய்தால் கொதிக்க வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான். இரவில் கொதிக்க வைத்து, மூடி, கேத்தலிலேயே ஆறவிட்டுக் காலையில் போத்தலில் வார். கப்பை உள்ளே விட்டு மொள்ளாதே.

கடையில் சாப்பிடாதே என்று சொல்ல முடியாது. ஆவி பறக்கிற இடியப்பமும் சொதியும் சாப்பிடு. பக்கத்தில் வைக்கிற சம்பலைத் தள்ளிவிடு, அதை அடுப்பில் வைப்பதில்லை, கையால்தான் பிசைகிறார்கள். வல்லாரைச் சம்பல் உனக்கு உயிர், தெரியும். ஈரநிலத்தில் தவழ்கிற இலை அது, வீட்டுக்கு வா, நான் வடிவாகக் கழுவி வறுத்துத் தருகிறேன். பஸ் நிலையத்தில் உப்புத்தூள் தடவி விற்கிற அன்னாசியும் இப்போதைக்கு வேண்டாம். பட்டினி கிடக்காதே, காய்ச்சல்காரனுக்குச் சோறு ஆகாது என்பதெல்லாம் பழைய கதை. குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை, எல்லாம் சாப்பிடலாம்.

இன்னொன்று, உன் அறைக்காரப் பிள்ளைகளுக்காக. சுகமான பிறகும் சில கிழமைக்கு உன் மலத்தில் கிருமி போகலாம். அதுவரை அவர்களுக்கு நீ சமைக்க வேண்டாம், கக்கூஸ் போய் வந்தால் சவர்க்காரம் போட்டு நகத்துக்குள்ளும் தேய். நூறில் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கி வருடக்கணக்கில் வெளியேறும், அவர்களுக்கு ஒரு நோயும் தெரியாது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஒழுங்கையில் மூன்று வீட்டில் காய்ச்சல். எல்லோரும் கிணற்றைத் திட்டினோம். கடைசியில் மூன்று வீட்டுக்கும் காலையில் அப்பம் சுட்டுக் கொடுத்த அம்மாதான். பாவம், அவவுக்குத் தலையிடி கூட இல்லை. மருந்து கொடுத்து, மலப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை அப்பச் சட்டியைத் தொடவிடவில்லை. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

குளிசை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் எட்டிப் பார்த்தால், அதே டொக்டரிடம் போய் முதலில் வந்ததைச் சொல்லி இரத்தம் கொடு. ஏழாவது குளிசை போட்டதும் வெறும் அட்டையை ஒரு படம் எடுத்து அனுப்பு.

தம்பியிடம் எள்ளுருண்டையும், மூடி உள்ள ஒரு பெரிய எவர்சில்வர் செம்பும் கொடுத்துவிடுகிறேன். செம்பு தண்ணீர் ஆற்றுவதற்கு. அதில் நூடில்ஸ் அவிக்காதே.

அம்மா