இளஞ்சோளம் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாதவரத்தில் சௌகரியமாகத்தான் இருக்கிறோம், ராத்திரி முழுக்க லாரிச் சத்தம், அதுவும் பழகிவிட்டது.

ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, தீவனச்சோளம் அறுத்த தாம்பு வறட்சியில் வாடிக் கிடந்தது, போன வாரம் மழை பெய்து பச்சென்று துளிர்விட்டிருக்கிறது, இனி மாடுகளை அதிலேயே விட்டு மேய்க்கலாமா என்று. உடனே எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். விடாதே. இப்போது கட்டாயம் விடாதே.

செங்குன்றம் தாண்டி நமக்குத் தெரிந்த ஒருவர் ஐந்தாறு கறவை வைத்திருக்கிறார். உன் நிலைமையேதான் அவருக்கும்: முதல் அறுப்பு முடிந்து தண்ணீர் இல்லாமல் காய்ந்த தாம்பு, ஒரு நல்ல மழை, முழங்காலுக்குக் கீழே கரும்பச்சையாகத் துளிர். சாயங்காலம் மூன்று மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு அதில் இறங்கிவிட்டன. அரை மணி நேரம்கூட இருக்காது. கலப்பினப் பசு ஒன்று, 350 கிலோ இருக்கும், வாயைத் திறந்து மேல்மூச்சு வாங்கியது, நுரை தள்ளியது, தோல் முழுக்க நடுங்கியது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஈறைப் புரட்டிப் பார்த்தேன், செம்பருத்திப் பூ நிறம். டாக்டர் வருவதற்குள் அது போய்விட்டது. இரண்டாவது மாடு தள்ளாடிக்கொண்டு நின்றது, அதைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றாவது வரப்புப் புல்லையே மேய்ந்திருக்கிறது போல, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சோளத்தின் இளம் இலையில் துரின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பிரிக்கும் நொதியும் அதே இலையில் தனியாக இருக்கிறது. மென்றாலோ வாடினாலோ செல் உடைந்து இரண்டும் கலந்துவிடும், சயனைடு வெளியே வரும். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் அந்த வேலையைச் செய்யும், அதனால் அசைபோடும் மாடுகளுக்கு இது சீக்கிரம் பிடிக்கும். சயனைடு மூச்சைத் தடுப்பதில்லை. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். செலவாகாத பிராணவாயு ரத்தத்திலேயே தங்குவதால்தான் ஈறும் ரத்தமும் அவ்வளவு சிவப்பு.

துரின் எப்போது அதிகம் என்று கேட்டால், பயிர் சிறிதாக இருக்கும்போது, வறட்சியில் நின்றுபோய் மறுபடி துளிர்க்கும்போது, யூரியா அதிகம் போட்டபோது. உன் வயலில் முதல் இரண்டும் சேர்ந்திருக்கிறது. யூரியாவும் போட்டிருந்தால் மூன்றும்.

பயிர் பாதி பூத்தபிறகு ஆபத்து வெகுவாகக் குறையும். நீ போட்டிருப்பது கோ எஃப்எஸ் 29 ரகம்தானே, அதற்கு முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒருமுறை என்று சொல்வதும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான். அவசரத்துக்கு அறுத்தே ஆகவேண்டும் என்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடு, சயனைடில் பெரும்பகுதி பறந்துவிடும். அரைகுறையாக வாடினது பச்சையைவிடவும் மோசம், அதை மட்டும் போட்டுவிடாதே. இன்னொன்று, சோளத்தில் சேரும் நைட்ரேட் என்ற வேறு விஷம் காய்ந்தாலும் போகாது. வறட்சிக்குப் பிறகு சோளத்தில் அதுவும் ஏறியிருக்கலாம், அதனால் காய்ந்த சோளத்தட்டாக இருந்தாலும் முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்து.

அப்படியும் ஒரு மாடு கயிற்றை அறுத்துப் போய்விட்டால், முதலில் வயலில் மிச்சமிருக்கும் மாடுகளை வெளியே கொண்டுவா, விரட்டாமல், ஓடவிடாமல். ஓடினால் உடம்பு கேட்கும் பிராணவாயு கூடும், அதுவே கொன்றுவிடும். ஒருவர் மாட்டோடு இருக்க இன்னொருவர் டாக்டருக்குப் போன் பண்ணட்டும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கும் போடலாம். போனில் முதல் வாக்கியமே "மாடு இளஞ்சோளம் தின்றுவிட்டது" என்று இருக்கட்டும், வயிறு உப்புசம் என்று சொல்லி வைத்தால் வேறு மருந்தோடு கிளம்பி வருவார்கள். விழுந்த மாட்டை எழுப்பி நடத்தாதே, வண்டியில் ஏற்றி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதே. மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை முட்டுக் கொடு. வாயில் மோர், எண்ணெய் எதுவும் ஊற்றக்கூடாது, நடுங்கும் மாடு விழுங்காது, நுரையீரலுக்குள்தான் போகும். நம்ம பக்கம் ஊற்றித்தான் பல மாடுகள் போயிருக்கின்றன, சொன்னால் கேட்கமாட்டார்கள்.

டாக்டர் போடுவது நரம்பில் சோடியம் நைட்ரைட், அப்புறம் சோடியம் தயோசல்பேட். நைட்ரைட் சயனைடை செல்லிலிருந்து பிரித்து ரத்தத்தில் பிடித்து வைக்கும், தயோசல்பேட் அதைச் சிறுநீரில் போகும் பொருளாக மாற்றும். அந்த 350 கிலோ மாட்டைக் கணக்கில் எடுத்தால் நைட்ரைட் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 7 கிராம், தயோசல்பேட் கிலோவுக்கு அரை கிராம் வீதம் 175 கிராம். பழைய போட்டோ ஸ்டூடியோவில் ஹைப்போ என்பார்களே, அதுதான் தயோசல்பேட். மாடு தேறியபின் வயிற்றில் மிச்சமிருக்கும் விஷத்துக்காக 30 கிராம் வீதம் மணிக்கு ஒருமுறை வாய்வழியாகவும் கொடுப்பார்கள். இந்தக் கணக்கை எழுதியது நீ ஊசி போடுவதற்கல்ல, உன் ஊர் மருந்தகத்தில் அந்த அளவுக்குச் சரக்கு இருக்கிறதா என்று இன்றே கேட்டு வைப்பதற்கு. அறிகுறி தொடங்கி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நைட்ரேட் விஷமும் இதே மாதிரி மூச்சிரைத்து விழவைக்கும், ஆனால் ரத்தம் பழுப்பாக இருக்கும். அதற்கு மெத்திலீன் நீலம்தான் மருந்து, நைட்ரைட் போட்டால் நோய் இரட்டிப்பாகும். ஈறு எந்த நிறம் என்று போனிலேயே சொல்லிவிடு.

வேலியோரத்து அரளியைப் பற்றியும் கேட்டிருந்தாய். இங்கே பைபாஸ் நடுவில் வைத்திருக்கும் அரளியை வெட்டி ஓரத்தில் குவிக்கிறார்கள், புழல் பக்கம் அவிழ்த்துவிட்ட மாடுகள் அதை மோந்து நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். சோளம் காய்ந்தால் விஷம் குறையும், அரளி காய்ந்தாலும் குறையாது, ஒரு கைப்பிடி காய்ந்த இலை ஒரு மாட்டின் இதயத்தை நிறுத்தப் போதும். அதற்குத் தயோசல்பேட் உதவாது. உன் வேலியோரத்து அரளியைக் கழித்தால் அந்தக் கிளைகளை எரிக்காமல், மாடு எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைத்துவிடு, புகையும் நல்லதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். துளிர் எத்தனை அடி உயரம், கடைசியாக யூரியா எப்போது போட்டாய் என்று பார்த்து வை. அதுவரை சோளக் கொல்லைப் பக்கத்துத் தும்புக் கயிறுகளைப் புதிதாக மாற்றிவிடு.

அன்புடன்,
ரங்கநாதன்