கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கும் ஆல்பம் டிசைன் செய்பவர்களுக்கும்

வணக்கம். என் சித்தி மகளின் நிச்சயதார்த்தப் படங்களைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அவள் நாலு பேர் நடுவில் வாய் திறக்கமாட்டாள். அன்று கேமராக்காரர் "சிரிங்க மேடம்" என்று சொல்லச் சொல்ல, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து சாம்பிள் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அவள் மட்டும் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, என் புடவை மயில் கழுத்துதானே?" என்றாள்.

படத்தில் இருந்தது வெறும் நீலம். மயில் கழுத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம். அதனால்தான் மடிப்பு திரும்பும் இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தைச் சரிசெய்ய, டிசைனர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வெள்ளை என்று நினைத்து அதில் ஒயிட் பேலன்ஸ் எடுத்திருக்கிறார். அது சந்தன நிறம். அதை வெள்ளையாக்கினால் படம் முழுக்க நீலம் ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்கு நீலத்தை இன்னும் தூக்கிவிட்டிருக்கிறார். பச்சை போன இடம் தெரியவில்லை.

அப்புறம் முடி. அவளுக்குச் சுருட்டை. நெற்றியோரம் பூனைமுடி எப்போதும் அடங்காது. படத்தில் அதையெல்லாம் அழித்து, முன்வகிட்டை அடர்த்தியாக்கி, சுருளை இழுத்து நேராக்கியிருந்தார்கள். இழுத்த இழுப்பில் பின்னால் இருந்த கதவு நிலையும் வளைந்திருந்தது. கழுத்தோரம் மல்லிகைச் சரத்தில் ஒரே மொட்டு வரிசையாக நாலு முறை வந்திருந்தது.

அன்றிரவு அவளே டிசைனருக்கு எழுதினாள்: "அண்ணா, முடியை மாத்த வேண்டாம். புடவையும் இருந்த மாதிரியே வேணும்." எனக்கே ஆச்சரியம். "எல்லா பொண்ணுங்களுக்கும் இப்படித்தான் பண்றோம்மா" என்று பதில் வந்தது. "எனக்கு வேண்டாம் அண்ணா." நல்ல வேளை, ரா ஃபைல் பத்திரமாக இருந்தது. மறுபடி வேலை பார்த்து அனுப்பினார், பச்சை திரும்பி வந்தது. கல்யாணத்தன்று பார்லர் அக்கா அயர்ன் மெஷினைச் சூடாக்கியபோதும் தலையாட்டி மறுத்துவிட்டாள். சுருட்டையோடுதான் தாலி ஏறியது.

டிசைனர் கெட்டவர் இல்லை. முகத்தை வழுவழுப்பாக்கு, முடியைக் கூட்டு என்று கேட்கிற வீடுகளும் நிறைய என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்காதவர்களுக்கும் அதையே ஏன் செய்ய வேண்டும்? முதல் சாம்பிளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்து அனுப்புங்கள். முடி, முகம், உடம்பு எதைத் தொடுவதானாலும் பெண்ணிடமே கேளுங்கள், அவள் அண்ணனிடம் அல்ல. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், நிறம் பார்க்க யார் வேட்டியும் தேவைப்படாது. ஆல்பம் அச்சாகி வீட்டுக்கு வந்து சேரும்வரை ரா ஃபைலை அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அக்கா